நண்பகலில் அணைந்த ரேடியோ: 82 மீட்டர் அலுமினியக் கேபிளை அளந்து மாற்றிய பதிவு

சோமனூருக்கு அருகில் என் சித்தப்பாவுக்கு ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. அலுவலக அறையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் குடோனுக்கு இணைய இணைப்பும் கேமரா இணைப்பும் கொடுப்பதற்காக, தறிக்கூடத்தின் மறுகோடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு கம்பியில்லா ரேடியோவைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கான ஈதர்நெட் கேபிள் அலுவலகத்திலிருந்து சுற்றுச்சுவர் வழியாகச் சென்று, தகரக் கூரையின் மேல் நீளவாக்கில் ஓடி, தொட்டியில் ஏறுகிறது. ரேடியோவுக்கான 24 வோல்ட் மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. அலுவலகத்தில் இருக்கும் சிறிய அடாப்டர், தரவுக்குப் பயன்படுத்தப்படாத நீலம், பழுப்பு ஆகிய இரண்டு கம்பி இணைகளில் மின்சாரத்தை ஏற்றி அனுப்பும் சாதாரண அமைப்பு இது.

கோடைத் தொடக்கத்தில் சித்தப்பா ஒரு புகார் சொன்னார். காலை முழுதும் இணைப்பு நன்றாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் ரேடியோ அணைந்து அணைந்து எரியும். நான்கு மணிக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். அதற்குள் ரேடியோவை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். புதிய ரேடியோவும் அதே நேரத்தில் அதே போல நடந்துகொண்டது. வெயிலில் ரேடியோ சூடாகி அணைகிறது என்பது அங்கிருந்தவர்களின் முடிவு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆகவே ஒரு நாள் அட்டையை வளைத்து ரேடியோவுக்கு நிழல் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். பன்னிரண்டரைக்கு நிழலில் இருந்தபடியே அது அணைந்தது.

நிழல் பலிக்காததால் அடுத்து கேபிளின் மீது சந்தேகம் வந்தது. அதன் உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் உள்ள எண்களைக் கழித்துப் பார்த்தபோது 82 மீட்டர் வந்தது. விலை குறைந்த கேபிள்களில் இந்த அச்சை முழுமையாக நம்ப முடியாது என்பதால், சுவரோரப் பகுதியை மட்டும் நாடாவால் அளந்து ஒப்பிட்டேன். பெரிய வேறுபாடு இல்லை. அலுவலகப் பக்கம் 3 மீட்டர், ரேடியோப் பக்கம் 2 மீட்டர் என இணைப்புக் கயிறுகள் எனப்படும் குட்டைக் கேபிள்களையும் சேர்த்தால் மொத்தம் 87 மீட்டர். "நூறு மீட்டர் வரைக்கும் போகலாம்னுதானே சொல்லுவாங்க, நாம அதுக்குள்ளதானே இருக்கோம்?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நூறு மீட்டர் என்பது கேபிளின் இயற்கையான எல்லை அன்று. ஒரு குறிப்பிட்ட வகைக் கேபிளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்கு. சுவருக்குள் நிலையாக ஓடும் 90 மீட்டர், இரு முனைகளிலும் சேர்த்து 10 மீட்டர் இணைப்புக் கயிறு என்பதே அந்தக் கணக்கின் வடிவம். அந்த 90 மீட்டரும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, முழுச் செம்பாலான, ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும் என்பது கணக்கின் அடிப்படை. அப்படிப்பட்ட கேட் 5இ கேபிளில், 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நூறு மீட்டருக்கு அதிகபட்சம் 24 டெசிபல் இழப்பு அனுமதிக்கப்படுகிறது. ஒரு முனையில் 1 வோல்ட் சமிக்ஞை ஏற்றினால் மறுமுனைக்கு ஏறத்தாழ 63 மில்லிவோல்ட் வந்து சேரும் என்பது அதன் பொருள். மறுமுனையில் உள்ள சில்லு அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பக்கத்து இணைகளின் இரைச்சலிலிருந்து பிரித்து அறிய முடிய வேண்டும். அந்த வரம்பே நூறு மீட்டரை நிர்ணயிக்கிறது. பழைய ஹப் காலத்தில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் ஏற்படும் மோதலைக் கண்டறியும் நேரக் கணக்கும் வலையமைப்பின் மொத்த அளவைக் கட்டுப்படுத்தியது. இன்றைய ஸ்விட்சுகளில் அனுப்புவதும் பெறுவதும் தனித்தனியே நடப்பதால் மோதல் என்பதே இல்லை. இழப்பும் இரைச்சலும்தான் எல்லை.

ஆகவே கம்பி மாறினால் நூறும் மாறும். அடுத்த வேலை, கம்பி என்ன என்று பார்ப்பது.

அதே பெட்டியிலிருந்து மிஞ்சிய கேபிள் ஒரு சுருளாகக் கிடந்தது. கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தோன்றியது. அரை மில்லிமீட்டர் முழுச் செம்புக் கம்பிகள் எட்டு கொண்ட 305 மீட்டர் பெட்டியில் உலோகம் மட்டும் 4 கிலோவுக்கு மேல் இருக்கும். எங்களிடம் இருந்த வகையைக் கணக்கிட்டால் சுமார் 1.3 கிலோதான் வருகிறது. ஒரு கம்பியின் காப்பு உறையை நீக்கிவிட்டு, பிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. சிகரெட் லைட்டரின் சுடரில் நுனியைப் பிடித்தபோது அது சிவந்து நிற்காமல் தொங்கி உருகியது. செம்பு உருக 1,085 பாகை செல்சியஸ் தேவை, அலுமினியத்துக்கு 660 போதும். காந்தத்தையும் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது எஃகு, அது இதைவிட மோசம். நுண்ணளவியில் தடிமன் 0.45 மில்லிமீட்டர் என்று காட்டியது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கேட் 6 என்று இருந்தது. சிசிஏ என்னும் மூன்றெழுத்து ஓர் ஓரத்தில், பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி இருந்தது. அலுமினியத்தின் மேல் செம்பைப் போர்த்திய கம்பி என்பதே அதன் விரிவு. கட்டமைப்புக் கேபிளுக்கான தரநிலை செம்புக் கம்பியைத்தான் கேட்கிறது. ஆதலால் இந்தக் கேபிளில் கேட் 6 என்று அச்சிடுவதற்கே இடமில்லை.

கேபிள் விற்ற கடைக்காரரிடம் சித்தப்பா தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன பதில் சுவையானது. சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், உள்ளே அலுமினியம் இருந்தால் என்ன, மண் இருந்தால் என்ன என்றாராம். இதில் பாதி உண்மை. அலைவரிசை கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்கும். செம்பில் 100 மெகாஹெர்ட்ஸில் அது ஓடும் ஆழம் சுமார் 6.6 மைக்ரான். எங்கள் கம்பியில் செம்பு கனஅளவில் பத்து சதவீதம் என்று கொண்டால், போர்வையின் தடிமன் 11 மைக்ரானுக்குச் சற்று மேல். ஆகவே மேல் அலைவரிசைகளில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி செம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் 10 மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் 21 மைக்ரானாகவும், 1 மெகாஹெர்ட்ஸில் 66 மைக்ரானாகவும் பெருகுகிறது. ஈதர்நெட் சமிக்ஞையில் இந்தக் கீழ் அலைவரிசைகளும் உண்டு. அவை அலுமினியத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும். போதாததற்கு, மேல்தோலில்தான் ஓட்டம் என்றால் தோலின் சுற்றளவு முக்கியமாகிறது. 0.51 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.45 இருப்பதால் இழப்பு சுமார் 13 சதவீதம் கூடுகிறது. நூறு மீட்டருக்கான இழப்பை இந்தக் கம்பி 88 மீட்டரிலேயே எட்டிவிடும். கடைக்காரரின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நாங்கள் எல்லைக்கு ஒரு மீட்டர் உள்ளே நிற்கிறோம்.

இதெல்லாம் சமிக்ஞையைப் பற்றியது. ரேடியோவுக்குப் போகும் 24 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மேல்தோல், உள்தசை என்ற வேறுபாடே கிடையாது. அது கம்பியின் முழுப் பரப்பிலும் ஓடும், முழு அலுமினியத்தின் தடையையும் சந்திக்கும். எங்கள் நோயின் வேர் இங்கேதான் இருந்தது.

இதை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, சாதாரண மல்டிமீட்டர் போதும். இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றிவிட்டு, தொட்டிப் பக்கத்தில் நீல இணையின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் குறுக்கிணைப்புச் செய்தேன். அலுவலகப் பக்கத்தில் அதே இணையின் இரு கம்பிகளுக்கிடையே மின்தடையை அளந்தேன். மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கு 0.3 ஓம் கழித்தபின், காலை எட்டு மணிக்கு 28.3 ஓம் வந்தது. அரை மில்லிமீட்டர் முழுச் செம்பாக இருந்தால் 82 மீட்டருக்கு 14 ஓம் சுற்றி வர வேண்டும். தரநிலை அனுமதிக்கும் மேல்வரம்பே 15.4 தான். ஏறத்தாழ இரண்டு மடங்கு. அலுமினியக் கம்பியின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். மீதியைத் தடிமன் குறைவு நிரப்பிவிட்டது. பழுப்பு இணையும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டியதால், இது ஏதோ ஓரிடத்தில் உள்ள கெட்ட இணைப்பு அன்று, கேபிள் முழுவதன் குணம் என்பது உறுதியாயிற்று.

மதியம் ஒன்றரைக்கு மறுபடி அளந்தேன். 32 ஓம். தகரத்தின் மேல் கிடந்த கறுப்புக் கேபிளைக் கையால் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் உலோகத்தின் தடை சுமார் 0.4 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொண்டால், காலையைவிடக் கேபிள் முப்பது பாகைக்கு மேல் சூடேறியிருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. நாங்கள் ரேடியோவுக்குக் கட்டிய நிழலைக் கேபிளுக்குக் கட்டியிருக்க வேண்டும்.

இனிக் கணக்கு எளிது. நீல இணையின் இரு கம்பிகளும் சேர்ந்து மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன, பழுப்பு இணையின் இரண்டும் சேர்ந்து திருப்பிக் கொண்டுவருகின்றன. ஆகவே மின்பாதையின் மொத்தத் தடை, மீட்டரில் கண்ட இணைத் தடையில் பாதி. மதியத்தில் 16 ஓம். ரேடியோவின் அதிகபட்சத் தேவை 8 வாட் என்று அதன் அடியில் அச்சிட்டிருந்தது. 16 ஓம் வழியாக 8 வாட் போய்ச் சேர வேண்டுமானால் 0.5 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் 8 வோல்ட் விழும். ரேடியோவுக்கு 16 வோல்ட் எட்டும். 16 வோல்ட்டை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 8 வாட் என்பது சரியாக வருகிறது. மீதி 4 வாட் கேபிளைச் சூடாக்கவே செலவாகிறது. ஆக, அடாப்டர் 12 வாட் கொடுக்க வேண்டும். அடாப்டரை எடுத்துப் பார்த்தால் அதில் 24 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதன் முழுத் திறனும் அதுவே.

இங்கே இன்னொரு பொல்லாத விஷயம் உண்டு. ரேடியோவுக்குள் இருக்கும் மின்னழுத்த மாற்றி, வரும் மின்னழுத்தம் குறைந்தால் தன் தேவையைக் குறைத்துக்கொள்ளாது. அதே வாட்டைப் பெறுவதற்காக மின்னோட்டத்தைக் கூட்டிக் கேட்கும். கூட்டிக் கேட்டால் வழியில் விழுவது இன்னும் கூடும், எட்டுவது இன்னும் குறையும், அது இன்னும் கூட்டிக் கேட்கும். ரேடியோ சும்மா இருக்கும்போது 5 வாட் போதும் என்பதால் 20 வோல்ட்டில் நின்றது. குடோன் கேமராக்களின் பதிவை அலுவலகத்துக்கு இழுக்கும் நேரத்தில் தேவை 8 வாட்டை நெருங்கியது. தொட்டியின் மேல் மல்டிமீட்டரை இணைத்து வைத்துக்கொண்டு, கீழே பதிவிறக்கத்தைத் தொடங்கச் சொன்னேன். காட்டியில் 20, 18, 16 என்று இறங்கி, ஒரு நொடி தயங்கி, பிறகு சட்டென்று விழுந்தது; ரேடியோவின் விளக்குகள் அணைந்தன. சுமை போனதும் 24க்கு ஏறி, மீண்டும் விழித்து, மீண்டும் விழுந்தது. காலையில் பாதையின் தடை 14 ஓம் சொச்சம்தான் என்பதால் அதே பதிவிறக்கம் 0.46 ஆம்பியரில் தப்பித்துக்கொண்டிருந்தது. நண்பகலுக்கும் காலைக்கும் இருந்த வேறுபாடு ஓர் ஆம்பியரில் நூற்றில் நான்கு பங்குதான்.

உடனே கைக்குக் கிடைத்த தீர்வு, 1 ஆம்பியர் அடாப்டர். மாற்றினோம்; ஒரு நாளைக்கு இருபது முறை அணைந்தது இரண்டு நாளைக்கு ஒரு முறையாகக் குறைந்தது, நிற்கவில்லை. காரணம் உண்டு. 24 வோல்ட்டிலிருந்து 16 ஓம் வழியாக மறுமுனைக்கு எந்த அடாப்டரை வைத்தாலும் 9 வாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த உச்சம் கிடைக்கும். 8 வாட் கருவிக்கு 9 வாட் கூரை என்பது மூச்சுவிடவும் இடமில்லாத வீடு. 48 வோல்ட் அடாப்டர் போட்டுவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டார். இந்த ரேடியோ 24 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டது; 48 கொடுத்தால் அத்துடன் கதை முடிந்துவிடும். ஆனால் அவர் கேள்வியில் ஒரு விளக்கம் ஒளிந்திருக்கிறது. இதே கேபிளில், இதே வெயிலில், ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் பெறும் 48 வோல்ட் பிஓஇ கேமரா ஒன்று 8 வாட் எடுத்தால் வழியில் விழுவது 3 வோல்ட்டுக்கும் குறைவு. அதனால்தான் இந்த அலுமினியக் கேபிளைப் போட்டுப் பல கேமராக்களை ஓட்டுகிறவர்கள் எந்தக் குறையும் காண்பதில்லை. அவர்களுக்கும் 25 வாட் சுழல் கேமரா ஒன்றை அதன் முனையில் மாட்டும் நாளில் விவரம் தெரியும். 30 வாட் பிஓஇ தரநிலை மொத்தப் பாதைக்கு அதிகபட்சம் 12.5 ஓம் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது.

கேபிளை உருவுவதற்கு முன் சமிக்ஞையையும் சோதித்துவிடலாம் என்று, மின்சாரத்தை நீக்கி, இரு முனைகளிலும் மடிக்கணினிகளை வைத்து, தரவை இடைவிடாமல் அனுப்பிச் சோதிக்கும் `iperf3` நிரலைப் பத்து நிமிடம் ஓட்டினேன். கிகாபிட் இணைப்பு உருவாயிற்று. மதியம் ஒன்றரைக்குப் பெறும் பக்கத்தில் பார்த்த நிலை இது:

```
$ ethtool enp0s25 | grep Speed
        Speed: 1000Mb/s
$ ethtool -S enp0s25 | grep rx_crc
     rx_crc_errors: 1843
```

கடைசி வரி, சிதைந்து வந்த தரவுப் பொட்டலங்களின் எண்ணிக்கை. மறுநாள் காலை அதே சோதனையில் இந்தப் பிழை 12. வேகம் 1000 என்று காட்டுகிறது என்பதாலேயே கேபிள் நலம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. இழப்பும் வெப்பத்தோடு கூடும். 60 பாகையில் 20 பாகையைவிட இழப்பு ஐந்தில் ஒரு பங்கு அதிகம். எங்கள் ரேடியோ 100 மெகாபிட் வகை என்பதால் அதன் தரவு இந்தப் பிழைகளைப் பெரிதாக உணரவில்லை. கிகாபிட் ரேடியோவாக இருந்திருந்தால் மின்சாரத்தோடு தரவும் தள்ளாடியிருக்கும்.

புதிய கேபிள் முழுச் செம்பு, வெயில் தாங்கும் வெளிப்புற உறை கொண்டது. வாங்கும்போது கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். விலை பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பழையதை உருவும்போது வளைவுகளில் மூன்று இடத்தில் கம்பி உள்ளுக்குள் முறிந்து வந்தது. அலுமினியம் வளைத்து நிமிர்த்துவதைத் தாங்காது. ஆர்ஜே 45 முனைகளிலும் வெண்மையாகப் பூத்திருந்தது. இணைப்பியின் பற்கள் செம்புத் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியதும் அலுமினியம் காற்றுபட்டு, மின்சாரம் கடத்தாத ஆக்ஸைடாக மாறியிருக்கிறது. சித்தப்பா பழைய கேபிளைத் தூக்கிப் போடவில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் பதினைந்து மீட்டர் வேலைகளுக்கு அது ஆகும் என்று எடுத்துவைத்திருக்கிறார். தரவு மட்டும் போகும் இடத்தில் போடுங்கள், மின்சாரம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

புதியதைத் தகரத்தின் மேல் படுக்க வைக்காமல், கூரையின் வடக்குப் பக்க விளிம்புக்கு அடியில் குழாயில் இட்டுக் கொண்டுபோனோம். அதனால் நீளம் 6 மீட்டர் கூடி 88 ஆயிற்று, கயிறுகளோடு 93. காலையில் இணைத் தடை 15.2 ஓம். மதியம் ஒன்றரைக்கு 16.1. பதிவிறக்கம் ஓடும்போது தொட்டியின் மேல் 20.9 வோல்ட். பழைய 0.5 ஆம்பியர் அடாப்டரையே மீண்டும் மாட்டியிருக்கிறோம். மடிக்கணினிச் சோதனையில் பிழை எண்ணி பூஜ்யத்திலேயே நின்றது.

குடோன் பக்கத்தில் உள்ள ரேடியோவுக்கும் அதே பெட்டிக் கேபிள்தான் போயிருக்கிறது. அங்கே நீளம் 20 மீட்டர். இணைத் தடை 7 ஓம் காட்டுகிறது, ரேடியோவுக்கு 22.7 வோல்ட் எட்டுகிறது. அதைத் தொடவில்லை. முனைகளை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகப் போடும்படி எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சொல்லி, இன்றைய 7 ஓமை அங்குள்ள பெட்டியின் உட்புறத்தில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்.